வடக்குப் பார்த்த வீடு, மே மாத உச்சி வெயில்: ரெண்டரில் சூடே தெரியவில்லை

கீழவாசல் | 6 மே 2024, இரவு 9.40

பிளெண்டர் 4.1, சைக்கிள்ஸ். ஒத்தக்கடைப் பக்கம் கட்டப்போகிற ஒரு மாடி வீட்டுக்கு எலிவேஷன் படம் செய்துகொண்டிருக்கிறேன். வீடு வடக்குப் பார்த்தது, முன்னால் செம்மண் தரை, சுவர் முழுக்க வெள்ளை. மாடிக்கு மேல் தளத்தை இரண்டு அடி வெளியே நீட்டி சன்ஷேட் மாதிரி விட்டிருக்கிறார்கள், கீழே கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ. வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கும் என்று காட்டு, சாயங்கால மஞ்சள் வெளிச்சமெல்லாம் வேண்டாம்.

நெட்டில் கிடைத்த ஒரு ஹெச்டிஆர்ஐ போட்டேன், வெளிநாட்டுக் கோடைகால மதியம். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மதுரை இல்லை. காற்று சில்லென்று அடிக்கிற ஊர் மாதிரி இருக்கிறது. எக்ஸ்போஷரை ஏற்றினால் சுவர் வெளுக்கிறது, வெயில் ஏறவில்லை. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் போர்ட்டிகோ கரியாகிறது. கானல் அலை மாதிரி ஏதாவது சேர்க்க வேண்டுமா? எங்கே கை வைப்பது?

அரசரடி | 6 மே, இரவு 10.05

உச்சி வெயில் என்றாலே நிழல் கத்தி மாதிரி வெட்டணும். ஹெச்டிஆர்ஐயைத் தூக்கிவிட்டு ஒரு Sun லைட் போடுங்கள், Angle பூஜ்யம், Strength நல்லா ஏற்றிவிடுங்கள். நிழலை முடிந்தவரை கறுப்பாக்கினால் வெயில் தானாகத் தெரியும். நான் ரியல்டைம் மென்பொருளில் இப்படித்தான் செய்கிறேன், பார்ட்டிகள் யாரும் குறை சொன்னதில்லை.

கொத்தனார் மகன் | 7 மே, காலை 6.50

வடக்குப் பார்த்த வீடு என்றால் வெயில் பிரச்சினையே கிடையாதே, தெற்கும் மேற்கும்தான் காயும். சூடு குறையணும் என்றால் மொட்டை மாடியில் வெள்ளை டைல் ஒட்டச் சொல்லுங்கள், கீழே ஒரு டிகிரி இரண்டு டிகிரி கட்டாயம் குறையும். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறோம்.

கீழவாசல் | 7 மே, காலை 8.15

அண்ணே, வீடு இன்னும் கட்டவே இல்லை, நான் கேட்பது படத்தில் சூடு தெரிவது பற்றி. டைல் விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொல்கிறேன்.

அரசரடி சொன்ன மாதிரி Angle பூஜ்யம் வைத்துப் பார்த்தேன். நிழல் வெட்டுகிறது, ஆனால் கோட்டுப்படம் மாதிரி ஆகிவிட்டது.

வைகைமணல் | 7 மே, இரவு 11.20

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மே 20 வாக்கில் நேர் உச்சியிலிருந்து 10 பாகை வடக்கே, அதாவது 80 பாகை உயரத்தில். உங்கள் வடக்குச் சுவரில் மே மாத மதியத்தில் வெயில் விழும், நிழல் தெற்கே போகும். கொத்தனார் மகன் சொன்னது வருஷத்தின் மற்ற பாதிக்குச் சரி, கத்திரிக்குச் சரியில்லை. இன்னொன்று, மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இல்லை, மே மாதத்தில் 12.15 வாக்கில்.

இப்போது உங்கள் ஹெச்டிஆர்ஐ. லண்டனில் வருஷத்திலேயே உயரமான மதியச் சூரியன் 62 பாகைதான். அந்தக் கோணத்தில், சூரியனைப் பார்த்து நிற்கிற சுவர், பக்கத்துத் தரை வாங்குகிற நேர்வெயிலில் பாதிக்குமேல் வாங்கும். 80 பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட வாங்காது, வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கிவிடும். உங்கள் படம் குளிர்ந்த ஊர் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே சுவரும் தரையும் கிட்டத்தட்ட சேர்ந்து வெளுக்கின்றன. நம் ஊர் உச்சியில் தரைதான் கண்ணைக் கூச வைக்கும், சுவர் தரையிலிருந்து எழும்புகிற வெளிச்சத்தில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியனைப் பார்த்து வைத்த பரப்பில் நேர்வெயில் சுமாராக ஒரு லட்சம் லக்ஸ். 80 பாகையில் சுவருக்கு அதில் 17 ஆயிரம் கிடைக்கும். தரைக்கு ஏறக்குறைய முழுசும் கிடைக்கும். காய்ந்த செம்மண் அதில் 30 சதவீதம் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள், சுவருக்குத் தெரிகிற உலகத்தில் பாதி தரை, ஆக 15 ஆயிரம் கீழேயிருந்து வருகிறது. நேர்வெயிலுக்குச் சமமாகத் தரைவெயில். அதுவும் செம்மண் நிறத்தோடு.

அதனால் நிழலைக் கறுப்பாக்காதீர்கள். வெள்ளைச் சுவரில் விழுகிற மதிய நிழல் கறுப்பாகவே இருக்காது.

அரசரடி | 8 மே, காலை 7.30

தரையிலிருந்து மேலே வெளிச்சம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவரில் நிழல் கறுப்பாக இருக்காது என்பதை நம்ப முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெளியே போய்ப் பாருங்கள், கண்ணுக்கு எவ்வளவு இருட்டாகத் தெரிகிறது.

ஃபோகஸ் மாமா | 8 மே, மாலை 5.10

நான் கல்யாணப் போட்டோகிராபர், ரெண்டர் தெரியாது. இன்று திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் வேலை, முன்னால் கிராவல் கொட்டிய தரை, பக்கச் சுவர் சுண்ணாம்பு அடித்தது. இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதனால் மதியம் 12.10க்கு ஸ்பாட் மீட்டரில் பார்த்தேன். சுவரில் வெயில் பட்ட இடத்துக்கும் சன்ஷேட் நிழலுக்கும் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம், அதிலும் கொஞ்சம் குறைவு. கிராவல் தரையில் வெயிலுக்கும் மண்டபத்து நிழலுக்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல்.

அதனால்தான் மதியத்தில் மாப்பிள்ளை பெண்ணை வெளியே நிறுத்தினால் நெற்றியும் மூக்கும் வெளுத்துக் கண்ணுக்குக் கீழே கறுக்கும். அதே ஆளை வெள்ளைச் சுவர் ஓரமாக நிழலில் நிறுத்தினால் முகம் முழுக்க வெளிச்சம். தாடைக்குக் கீழேகூட இருட்டு இருக்காது. ரிஃப்ளெக்டரே வேண்டாம்.

அரசரடி தம்பி, கண்ணுக்கு இருட்டாகத் தெரிவது, நாம் தரையைப் பார்த்துக் கண் சுருங்கியிருப்பதால்.

கீழவாசல் | 9 மே, இரவு 12.30

ஹெச்டிஆர்ஐயை எடுத்துவிட்டு Sky Texture போட்டேன், Nishita, Sun Elevation 80. Sun Rotation-ஐ எண்ணைப் பார்த்து வைக்காமல், முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழல் வீட்டை நோக்கித் தெற்கே குட்டையாக விழுகிற வரை திருப்பினேன். எக்ஸ்போஷரை Color Management-இல் கீழே இறக்கினேன்.

தரை இப்போது சரியாக இருக்கிறது, பார்த்தாலே கால் சுடுகிறது. ஆனால் போர்ட்டிகோவின் உட்கூரையும் சன்ஷேட்டின் அடிப்பக்கமும் செத்துக் கிடக்கின்றன. வைகைமணல் அண்ணன் சொன்ன கீழ்வெளிச்சம் வரவே இல்லை. உள்ளே ஒரு ஏரியா லைட் போட்டு நிரப்பட்டுமா?

வைகைமணல் | 9 மே, காலை 6.15

போடாதீர்கள். Render Properties-இல் Light Paths, அதில் Clamping. Indirect Light 10 என்று இருக்கும், அதுதான் டீஃபால்ட். அதை 0 ஆக்கிவிட்டு மறுபடி ரெண்டர் போடுங்கள்.

அந்த 10 என்பது ஒவ்வொரு சாம்பிளிலும் எதிரொளி எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கான வரம்பு. Nishita வானம் நிஜ வெயில் அளவை ஒட்டிய பெரிய எண்களில் வேலை செய்கிறது, அதைப் படத்துக்கு அடக்குவது கடைசியில் நீங்கள் இறக்குகிற எக்ஸ்போஷர். வரம்போ எக்ஸ்போஷருக்கு முன்னாலேயே வெட்டிவிடுகிறது. ஆக, நேர்வெயில் முழுசாக வருகிறது, தரையில் பட்டு எழும்பியதன் தலை மட்டும் அறுபடுகிறது. கண்டுபிடிக்கும் வழி இதுதான்: வெயில் பட்ட இடமெல்லாம் சரியாக இருக்கும், எதிரொளியால் மட்டும் வாழ்கிற இடங்கள் இருண்டிருக்கும், தரையை இன்னும் வெளிராக்கினாலும் உட்கூரையில் வெளிச்சம் ஏறாது.

0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள், அதனால் புள்ளிப்புள்ளியாக மின்னல் வரலாம். கண்ணாடி, டேங்க் பைப் மாதிரி பளபளப்பு உள்ள இடத்தில்தான் அதிகம் வரும். அப்படி வந்தால் இன்னொரு வழி, வரம்பை 10 ஆகவே விட்டுவிட்டு Background-இன் Strength-ஐக் குறையுங்கள், எக்ஸ்போஷரை 0க்குக் கொண்டுவாருங்கள். எண்களே சின்னதானால் வரம்பு கடிக்காது.

கீழவாசல் | 9 மே, இரவு 9.55

இரண்டாவது வழியில் போனேன். உட்கூரை உயிர் பெற்றுவிட்டது. சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டிய மூலையில்கூட, ஒரு செம்மண் சாயல் ஏறியிருக்கிறது. கீழே வெளிச்சமாகவும் மேலே போகப் போகக் கொஞ்சம் மங்கியும் சுவரே ஒரு சரிவு காட்டுகிறது. என் வாழ்நாள் முழுக்க எங்கள் தெருவில் பார்த்த வெளிச்சம் இது, இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சுவரின் Base Color-ஐ 1 வைத்திருந்தேன், 0.75க்கு இறக்கினேன். புதுச் சுண்ணாம்புகூட 1-ஐ எட்டாது என்று படித்தேன். 1 இருந்தபோது போர்ட்டிகோவுக்குள் வெளிச்சம் சுவருக்குச் சுவர் குதித்துக்கொண்டே இருந்தது, மூலையே தெரியவில்லை. இப்போது மூலைகள் திரும்ப வந்துவிட்டன.

ஒரு சந்தேகம். மாடி சன்ஷேட்டின் நிழல் சுவரில் முடிகிற ஓரம் மங்கலாக வருகிறது. போர்ட்டிகோ நிழல் தரையில் கூர்மையாக இருக்கிறது. ஒரே சூரியன், ஒரே நேரம். இது ஏதாவது தப்பா?

அரசரடி | 9 மே, இரவு 10.10

அதைத்தான் முதலிலேயே சொன்னேன், Angle பூஜ்யம் வையுங்கள் என்று. Sky Texture-இலும் Sun Size குறைத்தால் கூர்மையாகிவிடும்.

வைகைமணல் | 10 மே, காலை 5.50

குறைக்காதீர்கள், அது சரியாகத்தான் வருகிறது.

சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல் அகலமான தட்டு. அதனால் நிழலைப் போடுகிற ஓரத்துக்கும் நிழல் விழுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் தூரம் இருந்தால் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். போர்ட்டிகோ கூரை 3 மீட்டர் என்றால் தரையில் 3 சென்டிமீட்டர். நீங்கள் எடுக்கிற தூரத்தில் அது கத்தி மாதிரிதான் தெரியும், அரசரடி சொல்கிற கூர்மை தரைக்குச் சரி.

சுவர் வேறு. உங்கள் சன்ஷேட் 60 சென்டிமீட்டர் நீளுகிறது. 80 பாகையில் அதன் நிழல் சுவரில் 3.4 மீட்டர் கீழே வந்து முடியும். அவ்வளவு தூரத்தில் மங்கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்குவதால் அது சுவரில் விழும்போது ஐந்தாறு மடங்கு இழுபடுகிறது. மொத்தம் 18 சென்டிமீட்டர், ஒரு ஜாண் அளவு. சூரியன் 60 பாகையில் இருந்தால் அதே சன்ஷேட்டின் ஓரம் சுவரில் இரண்டு சென்டிமீட்டர்தான் மங்கும்.

தரையில் வெட்டு, சுவரில் கரைவு. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் பார்க்கிறவர் நேரத்தைச் சொல்லாமலேயே உணர்வார். Sun Size-ஐ டீஃபால்ட்டிலேயே விடுங்கள்.

அரசரடி | 10 மே, காலை 9.20

ஒத்துக்கொண்டேன். ஆனால் என் மென்பொருளில் கீழ்வெளிச்சம் சரியாக வருவதில்லை. அதனால் நிழலைக் கறுப்பாக்கித்தான் வெயிலைக் காட்ட வேண்டியிருக்கிறது. எல்லோரிடமும் இரவு முழுக்க ரெண்டர் போட மெஷின் இல்லை.

மேலூர் ரோடு | 11 மே, மதியம் 3.40

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது அனிமேஷன். நாலுவழிச்சாலையில் தூரத்திலிருந்து ஒரு பஸ் கேமராவை நோக்கி வருகிறது, பின்னால் யானைமலை. 200 எம்எம் லென்ஸ், கேமரா ரோட்டிலிருந்து 1.2 மீட்டர் உயரம். கானல் அலைக்காக கம்பாசிட்டரில் Displace நோட் போட்டு நாய்ஸ் கொடுத்தேன். எல்லாமே தண்ணிக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

வைகைமணல் | 11 மே, இரவு 10.30

படம் முழுக்க ஒரே அளவில் ஆட்டியிருப்பீர்கள். கானல், ரோட்டை ஒட்டிய சூடான காற்றில் நடக்கிற விஷயம். பார்வைக்கோடு அந்தக் காற்றுக்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு ஆடும். பக்கத்துத் தார் ஆடவே கூடாது. Mist பாஸை எடுத்து, 100 மீட்டர் வரை பூஜ்யம், அதற்கு மேல் மெல்ல ஏறுகிற மாதிரி மாஸ்க் ஆக்குங்கள். அதோடு உயரத்துக்கும் ஒரு மாஸ்க்: பஸ்ஸின் சக்கரம் நன்றாக ஆட வேண்டும், மேற்கூரை லேசாக, மலை உச்சி ஏறக்குறைய சும்மா. தூரத்தில் அலை சின்னதாகவும் வேகமாகவும் இருக்கணும். நாய்ஸின் அளவை எல்லா இடத்திலும் ஒன்றாக வைத்ததால்தான் தண்ணீர் மாதிரி தெரிகிறது.

ரோட்டில் தெரிகிற கானல் நீர் தனி. அது வானத்தின் பிம்பம். ரோட்டை ஒட்டி காற்று 25, 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால்கூட, பார்வை ரோட்டோடு அரைப் பாகைக்கும் குறைவான கோணத்தில் போனால்தான் அது வரும். 1.2 மீட்டர் உயரக் கேமராவுக்கு அது சுமாராக 150 மீட்டர் தாண்டித்தான். அதற்கு முன்னால் பளபளத்தால் மழை பெய்த ரோடு ஆகிவிடும்.

கீழவாசல், இதிலிருந்தே உங்கள் முதல் நாள் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. உங்கள் கேமராவுக்கும் வீட்டுக்கும் 15 மீட்டர். அங்கே கானல் அலை தெரியாது. சேர்த்தால் போட்டோ மங்கிப்போன மாதிரிதான் இருக்கும்.

மேலூர் ரோடு | 13 மே, காலை 11.00

மாஸ்க் இரண்டும் போட்டேன், பஸ் இப்போது நன்றாக மிதக்கிறது. யானைமலைதான் உதைக்கிறது. என் படத்தில் பாறை பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறது, நேரில் மதியத்தில் வெளிறிப்போய், வானத்தை விட ஒரு சாயல்தான் கறுப்பாக நிற்கிறது.

ஃபோகஸ் மாமா | 13 மே, மதியம் 1.15

மதியம் அந்த மலையை எடுத்தால் பாறையில் மேடு பள்ளமே தெரியாது தம்பி, நேர் மேலேயிருந்து வெயில். அதோடு தூசி மண்டலம். சாயங்காலம் போங்கள், செதுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

மேலூர் ரோடு | 13 மே, மதியம் 1.30

மாமா, எனக்கு வேண்டியதே மதியம்தான். தூசி சரி, அதே Mist பாஸில் ஒரு வெளிர் சாம்பல் கலந்து பார்க்கிறேன். Sky Texture-இல் Dust-ஐயும் ஏற்றினேன், வானம் நீலம் குறைந்து நம் ஊர் வெள்ளை வானம் ஆகிவிட்டது. மேலே ஏற்றினால் நேர்வெயிலும் குறைகிறது, அது மட்டும் கவனம்.

கீழவாசல் | 15 மே, இரவு 8.20

வீட்டுக்காரரிடம் காட்டினேன். தரையைப் பார்த்ததும் அவர் மனைவி சொன்னது, செருப்பில்லாமல் நடக்க முடியாது போலிருக்கே. அது போதும் எனக்கு. ஆனால் அவர், சுவர் வெள்ளை பெயிண்ட் வெள்ளையாகத் தெரியவில்லை, மங்கலாகவும் கொஞ்சம் ரோஸாகவும் இருக்கிறது என்கிறார். இன்னும் பளிச்சென்று வேண்டுமாம். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் ஏற்றினால் சுவர் பளிச்சென்று ஆகிறது, தரை மொத்தமாக வெளுத்து மண்ணின் துகள் எல்லாம் போய்விடுகிறது. AgX-இல் Medium High Contrast வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை.

ஃபோகஸ் மாமா | 15 மே, இரவு 8.45

தரை போகட்டும் விடுங்கள். கேமராவில் எடுத்தாலும் சுவருக்கு வைத்தால் தரை போகத்தான் செய்யும். நம் ஊர் மதியத்தில் எல்லாமே படத்தில் நிற்க வேண்டும் என்றால் நடக்காது.

வைகைமணல் | 15 மே, இரவு 11.05

நான் தரையை விட மாட்டேன். மண்ணின் துகளும் அதில் இருக்கிற ஊசி மாதிரி சின்னச் சின்ன நிழலும்தான் சூட்டைச் சொல்கின்றன. அது போனால் வெறும் வெள்ளைத்தாள். வெளுத்த சுவர்தான் வேண்டும் என்றால் நேரத்தை மாற்றுங்கள், சுவரையும் மாற்றுங்கள். மே மாதத்தில் மூன்று மணிக்கு சூரியன் 49 பாகைக்கு இறங்கி மேற்கே சாய்ந்திருக்கும். மேற்குச் சுவர் அப்போது தரை வாங்குகிற வெயிலில் எண்பது சதவீதத்துக்கு மேல் வாங்கும். கண்ணைப் பறிக்கிற சுவர் அதுதான், சூடும் குறைந்திருக்காது. வீட்டின் வடமேற்கு மூலையிலிருந்து எடுத்தால் முகப்பும் கிடைக்கும்.

கீழவாசல் | 16 மே, காலை 7.10

மூன்று மணி யோசனையைச் சொன்னேன், பன்னிரண்டுதான் வேண்டும் என்கிறார். கூடவே இன்னொன்று சேர்த்துவிட்டார்: முற்றத்தில் செம்மண் வேண்டாம், புல்தரை போடப்போகிறாராம். மாற்றி ஒரு ரெண்டர் போட்டேன். உட்கூரையில் செம்மண் சாயல் போய் பச்சை ஏறிவிட்டது, சுவரும் ஒரு படி இறங்கிவிட்டது. இனி ரோஸ் என்று சொல்ல மாட்டார், நோய் வந்த மாதிரி இருக்கிறது என்பார்.

கொத்தனார் மகன் | 16 மே, காலை 7.45

புல்லுக்கு இந்த ஊரில் தண்ணீர் எங்கே? கத்திரி முடிவதற்குள் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். படத்திலும் அப்படியே போட்டுவிடுங்கள், சுவர் நிறம் சரியாகிவிடும்.

கீழவாசல் | 16 மே, இரவு 10.30

அண்ணே, விளையாட்டில்லை, போட்டுப் பார்த்தேன். காய்ந்த புல்லின் வெளிர் மஞ்சளில் சுவர் ஒரு படி ஏறுகிறது, சாயலும் உறுத்தவில்லை. ஆனால் காசு கொடுத்துப் போடுகிற புல்லைக் காய்ந்ததாக வீட்டுக்காரரிடம் எப்படிக் காட்டுவது? வாசலில் வெளிர் பேவர் பிளாக்கும் ஓரத்தில் மட்டும் பச்சைப் புல்லும் வைத்து ஒரு ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பேவர் சுவரிலிருந்து எத்தனை அடி வரை வந்தால் போர்ட்டிகோ கூரையில் பச்சை தெரியாமல் இருக்கும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? இப்போதைக்கு பன்னிரண்டு அடி வைத்திருக்கிறேன்.

வைகைமணல் | 17 மே, காலை 6.00

கூரை உயரத்தைப் போல இரண்டு மடங்காவது வையுங்கள், உங்களுக்கு இருபது அடி. கூரையின் முன்னோரம் வெளித்தரையை நிறையப் பார்க்கிறது, அங்கே கொஞ்சம் பச்சை மிஞ்சத்தான் செய்யும். பன்னிரண்டிலும் இருபதிலும் சின்ன ரெசல்யூஷனில் ஒன்றொன்று போட்டு, முன்னோரத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.